செம்பைத் திறந்து பார்த்தது யார்?

தைப்பூசக் காவடி மொரீஷியசில் அரசு விடுமுறை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அன்றைக்கு எனக்கு மூன்றே வேலை: அம்மாவோடு விடியலில் ஆற்றங்கரைக்குப் போவது, காவடிக்குப் பின்னால் கோயில்வரை நடப்பது, மதியம் வாழையிலை போட்டு ஏழு கறிச் சாப்பாடு சாப்பிடுவது. இந்த முறை நான்காவதாக ஒரு வேலை சேர்ந்துகொண்டது. இடுப்பில் ஒரு சின்ன நோட்டைச் செருகிக்கொண்டு போனேன்.

பகுதிநேரமாக நான் படிக்கும் படிப்பில் சமயமும் சமூகமும் பற்றி ஒரு தாள் உண்டு. உள்ளூர்க் கோயில் ஒன்றில் நடக்கும் வழிபாட்டை நேரில் கவனித்து 2500 சொற்களில் கள ஆய்வு அறிக்கை எழுத வேண்டும். வர்ணனையும் பகுப்பாய்வும் ஒன்றையொன்று அமுக்கிவிடாமல் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. ஊர்க் கோயில், ஊர்த் திருவிழா, எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன் என்பது முதல் வரைவு திரும்பி வந்தபோது தெரிந்தது.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்காக எங்கள் ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோயிலில் கொடியேறிய நாளிலிருந்து பத்து நாள் விரதம். பத்தாம் நாள் ஆற்றங்கரையில் குளியல், பூசை, அலகு குத்துதல். பூவும் ஓலையும் எலுமிச்சையும் கட்டிய மர வளைவுதான் காவடி. அதன் அடியில் இரு பக்கமும் ஒவ்வொரு பால் செம்பைக் கட்டுவார்கள். பிரெஞ்சிலிருந்து கிளைத்த எங்கள் கிரியோல் பேச்சில் அந்தச் செம்பு ‘சாம்போ’ ஆகிவிட்டது. காவடி தூக்காத பெண்கள் பலர் செம்பை மட்டும் தலையில் சுமந்து நடப்பார்கள். உடையெல்லாம் கண்ணைப் பறிக்கும் மஜந்தா நிறம். ஜனவரி, பிப்ரவரி எங்களுக்கு நடுக்கோடை. அந்த வெயிலில் இரண்டரை மணி நேரம் நடந்து கோயிலுக்கு வந்ததும் பாலை முருகனுக்கு அபிஷேகம் செய்வார்கள். அத்தனை வெயிலிலும் பால் திரியாது என்பது இங்கே குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி.

முதல் வரைவில் சொல் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஏறக்குறைய 2000 சொற்களுக்கு ஆற்றங்கரையிலிருந்து ஏழு கறிவரை ஒன்றுவிடாமல் வர்ணித்திருந்தேன். கடைசி 450 சொற்களில் ‘பகுப்பாய்வு’ என்று தலைப்பிட்டு, சடங்குகளில் பிரிதல், இடைநிலை, மீண்டும் சேர்தல் என மூன்று கட்டங்கள் உண்டு என்று 1909-இல் இனவரைவியலாளர் வான் கென்னெப் சொன்னதை எடுத்துவைத்தேன். விரதம் பிரிதல், நடை இடைநிலை, சாப்பாடு மீண்டும் சேர்தல். கச்சிதமாகப் பொருந்தியது. ஆசிரியர் அந்தப் பகுதி முழுவதற்கும் ஒரே கேள்விதான் எழுதியிருந்தார்: ‘இதை எழுத நீங்கள் கோயிலுக்குப் போயிருக்க வேண்டுமா?’

நியாயமான கேள்வி. காவடியைப் பற்றி நாலு படம் பார்த்தவர்கூட அந்த 450 சொற்களை எழுதிவிடலாம். என் குறிப்பில் இருந்த எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

அதைவிட அதிகமாக அவர் சிவப்பு மை செலவழித்திருந்தது வர்ணனைப் பகுதியில்தான். அதில் ஒரே ஒரு வாக்கியத்தை இங்கே தருகிறேன்:

‘பத்து நாள் கடும் விரதமிருந்த பக்தர்கள் பரவசத்தோடு பால் செம்புகளைச் சுமந்து வந்து, பால் திரியாமல் இருப்பது முருகன் அருள் என்ற நம்பிக்கையுடன் அபிஷேகத்துக்குக் கொடுத்தனர்.’

‘கடும்’, ‘பக்தர்கள்’, ‘பரவசத்தோடு’, ‘நம்பிக்கையுடன்’ என்ற நான்கு சொற்களையும் வட்டமிட்டு, ஓரத்தில் ‘எங்கே பார்த்தீர்கள்?’ என்று கேட்டிருந்தார். கோபம் வந்தது. பிறகு அந்த வாக்கியம் எந்தக் குறிப்பிலிருந்து வந்தது என்று நோட்டைப் புரட்டினேன். அபிஷேகம் நடக்கும் இடத்துக்கு இடப்பக்கத் தூணோரம் நின்று கிறுக்கியது இது:

‘11.12. பெண், 60 இருக்கும், மஜந்தாச் சேலை. தலையில் செம்பு, வாயை மஞ்சள் துணியால் கட்டியிருக்கிறது. பக்கத்தில் இளம் ஆள் கைத்தாங்கல். உதவியாளர் செம்பை வாங்குகிறார், துணி அவிழ்க்கிறார், உள்ளே பார்க்கவில்லை, ஊற்றுகிறார். காலிச் செம்பு திரும்ப வருகிறது. அவரும் உள்ளே பார்க்கவில்லை. சிலையைப் பார்க்கிறார், 20 நொடி இருக்கும். உதடு அசைகிறது. இடது கை நடுக்கம்.’

இந்தக் குறிப்பில் பரவசம் எங்கே இருக்கிறது? கை நடுங்கியது உண்மை. இரண்டரை மணி நேரம் தலைச்சுமையைத் தாங்கிப் பிடித்த கை வேறு காரணத்துக்கும் நடுங்கும். உதடு அசைந்தது உண்மை. சொன்னது வேண்டுதலா, ‘அப்பாடா’வா, எனக்குக் கேட்கவில்லை. நான் பார்த்தது நடுக்கம். எழுதியது பரவசம். இடையில் நடந்த தாவல் பகுப்பாய்வுதான், ஆனால் வர்ணனை வேடம் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. அப்படி வந்தால் அதை யாரும் கேள்வி கேட்க முடியாது. எழுதிய எனக்கே தோன்றவில்லை என்றால் படிப்பவருக்கு எப்படித் தோன்றும்?

‘பக்தர்கள்’ என்ற பன்மையில் வேறொரு சங்கடம். நான் அந்தத் தூணோரம் நின்றிருந்தபோது 23 செம்புகள் வந்தன. சிலர் கொடுத்துவிட்டு உடனே நகர்ந்தார்கள். ஒருவர் படம் எடுத்தார். ஒரு சிறுமி காலிச் செம்பில் விரலை விட்டு நக்கி அடி வாங்கினாள். இத்தனை பேரையும் ஒரே முகமாக்கி அதில் ஒரே உணர்ச்சியை ஒட்டிவிட்டது அந்த ஒரு சொல்.

‘நம்பிக்கையுடன்’ என்பதுதான் எனக்குக் கடைசியாகப் புரிந்தது. இன்னார் இப்படி நம்புகிறார் என்று எழுதும்போது, எனக்கு வேறு ஏதோ தெரியும் என்ற தொனி தானாக ஏறிவிடுகிறது. ‘எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எலுமிச்சை புளிக்கும் என்று நம்புகிறார்’ என்று யாராவது எழுதுவோமா? பால் திரியாது என்று என்னிடம் சொன்னவர்கள் அதைச் செய்தியாகத்தான் சொன்னார்கள். அதனால் ‘நம்புகிறார்கள்’ போய் ‘சொன்னார்கள்’ வந்தது. யார், எங்கே, எந்த மொழியில் சொன்னார்கள் என்பதும் கூடவே வர வேண்டியதாயிற்று.

மொழி என்றதும் இன்னொரு குட்டு வெளிப்பட்டது. எங்கள் தெருவில் இருக்கும் வயதான பெண்மணி ஒருவரைத் திருவிழா முடிந்த நான்காம் நாள் அவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து பேட்டி எடுத்தேன். ஊரில் எல்லாருக்கும் அவர் தாந்தின், அதாவது அத்தை, எனக்கும்தான். பேசியதெல்லாம் கிரியோல், நடுநடுவே முருகா, அம்மாளே என்று தமிழ். பத்து நாள் நோன்பை அவர் ஒரு முறைகூட விரதம் என்று சொல்லவில்லை. ‘கரேம்’ என்றார். இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். பிரெஞ்சில் அது கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கான சொல். தமிழில் அறிக்கை எழுத உட்கார்ந்ததும் என் கை தன்னால் ‘விரதம்’ என்று எழுதியது. தவறில்லைதான். ஆனால் இந்துக்களும் கத்தோலிக்கரும் அடுத்தடுத்த வீட்டில் வாழும் தீவில் நோன்புக்கு ஒரே சொல் புழங்குவதை என் மொழிபெயர்ப்பு துடைத்துவிட்டது. திருத்திய அறிக்கையில் முதல் இடத்தில் ‘கரேம்’ என்றே போட்டு ஒரு வரி விளக்கம் கொடுத்தேன். அந்த ஒரு சொல்லை வைத்தே தனி அறிக்கை எழுதலாம். இந்த அறிக்கைக்கு அதற்கு மேல் வேண்டாம் என்று விட்டேன்.

விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. 2000 சொல் வர்ணனையில் எதை வெட்டுவது? ஆணிச் செருப்பில் நடந்தவர், நாதஸ்வரம் ஓய்ந்ததும் கேட்ட ஒலிபெருக்கிப் பாட்டு, ஏழு கறியின் பட்டியல் எல்லாம் எனக்குச் செல்லம். வெட்டுவதற்கு அளவுகோல் ஒரு கேள்விதான் என்பது மெல்ல விளங்கியது. கேள்வி இருந்தால், அதற்குச் சாட்சி சொல்லும் விவரம் தங்கும், மற்றது போகும். கேள்வியில்லாதவரை எல்லா விவரமும் ஒரே எடையில்தான் இருக்கும்.

நோட்டில் என்னைத் திரும்பத் திரும்ப உறுத்தியது ‘உள்ளே பார்க்கவில்லை’ என்ற வரி. 11.12-க்கு அதை எழுதியதால் அடுத்தடுத்த செம்புகளுக்கும் கவனித்துக் குறித்திருந்தேன். பால் திரியாது என்று அத்தனை உறுதியாகச் சொல்கிறார்கள். ஆனால் செம்பு திறக்கும் அந்த நொடியில் பால் திரிந்ததா இல்லையா என்று பார்ப்பவரைக் காணோம். துணி அவிழ்கிறது, பால் பாய்கிறது, கண்கள் சிலைமேல். சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் இருந்த இந்த இடைவெளியைக் கேள்வியாக்கினேன். ஆணிச் செருப்புக்காரரும் ஏழு கறியும் மரியாதையாக வெளியேறினார்கள்.

இந்த இடத்தில் கைகொடுத்தது விக்டர் டர்னர். ஆப்பிரிக்காவில் இன்றைய சாம்பியாவில் இந்தெம்பு மக்களிடையே ஆய்வு செய்தவர். ஒரு சடங்குச் சின்னத்தின் பொருளை மூன்று இடத்தில் தேட வேண்டும் என்பார்: அதைப் பற்றி மக்கள் சொல்வதில், அதை வைத்து அவர்கள் செய்வதில், மற்றச் சின்னங்களுக்குப் பக்கத்தில் அது இருக்கும் இருப்பில். அவர் காட்டும் பெயர்பெற்ற உதாரணமும் பால்தான். முதி என்ற மரத்தைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். பெண்கள் அதைத் தாய்ப்பால், தாய்மகள் உறவு, எல்லாரையும் சேர்த்து வைப்பது என்று விளக்குவார்கள். ஆனால் பெண் பூப்பெய்தும் சடங்கில் அந்த மரத்தடியில் நடப்பதைப் பார்த்தால், மகளைச் சுற்றி மற்றப் பெண்கள் ஆட, தாயைக் கிட்டவிடாமல் விலக்கி வைக்கிறார்கள். சொல்வது ஒற்றுமை, செய்கையில் தெரிவது பிரிவு. இதனால் பெண்கள் பொய் சொல்கிறார்கள் என்று டர்னர் முடிவு கட்டவில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த மரத்தின் பொருள் என்றார்.

அந்த முதல் இரண்டு இடங்களை என் செம்புக்கு வைத்துப் பார்த்து ஒரு வாதம் கட்டினேன். பத்து நாள் கரேம் வீட்டுக்குள் நடக்கிறது, ஊர் அதைப் பார்க்க முடியாது. பால் அதற்கு வெளிச்சாட்சி. நோன்பு சுத்தமாக இருந்தால் பால் நிற்கும். ஆகவே பால் ஒரு பரீட்சை. பரீட்சையின் முடிவை யாரும் பார்க்காமல் விடுவது, ஊரில் யாருக்கும் தலைகுனிவு வராமல் காப்பதற்காக. அழகான வாதம். இரண்டு நாள் அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு ஆதாரமாக ஒரு நிகழ்ச்சியும் கையில் இருந்தது. ஒரு செம்பிலிருந்து பால் கட்டிகட்டியாக விழுந்தது. உதவியாளர் கை நிற்கவில்லை, மற்றச் செம்புகளைப் போலவே முழுவதும் ஊற்றினார். கொண்டுவந்தவர்களில் ஒருவர் மற்றவரிடம், ‘பா கெத் சா’ என்றார் தாழ்ந்த குரலில். அதைப் பார்க்காதே என்று பொருள். இதை அறிக்கையில் எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். திருவிழாவைக் கவனிக்கக் கோயில் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கியிருந்தேன். அந்தக் குடும்பத்திடம் வாங்கவில்லை. சின்ன ஊர், நேரமும் சேலை நிறமும் சொன்னால் போதும், யாரென்று தெரிந்துவிடும். அன்றைக்கு ஊர் பார்க்காமல் விட்டதை நான் அச்சில் காட்டிக்கொடுப்பதா? கடைசியில் நேரம், ஆள், உறவு மூன்றையும் நீக்கி, ஒரு செம்புப் பால் திரிந்திருந்தது, அதுவும் அவ்வாறே ஊற்றப்பட்டது என்று மட்டும் எழுதினேன். அந்தத் தாழ்ந்த குரலை அறிக்கையில் சேர்க்கவில்லை. இங்கேயும் அவர்கள் யாரென்று தெரியும்படி எதையும் விடவில்லை.

வாதத்தைச் சமர்ப்பிக்கும் முன் தாந்தினிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மறுபடி போனேன். கேட்டிராவிட்டால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“தாந்தின், கோயிலில் செம்பைத் திறக்கும்போது பால் எப்படி இருக்கிறது என்று நீங்கள் பார்ப்பீர்களா?”

“நான் எதற்குப் பிள்ளை பார்க்கணும்? கொண்டுபோனது எனக்கா? முருகன் பார்த்துக்குவார்.”

“திரிந்திருந்தால்?”

“திரிந்திருந்தால் அவருக்குத் தெரியும், ஏன் என்று. எனக்கும் தெரியும். ஊருக்கு என்ன?”

என் வாதத்தின் நடு உத்தரம் அப்படியே சரிந்தது. பரீட்சை என்றால் விடைத்தாளை யாரோ திருத்த வேண்டும். நான் அந்த இடத்தில் ஊரை உட்காரவைத்திருந்தேன். தாந்தின் கணக்கில் அங்கே ஊருக்கு நாற்காலியே கிடையாது. செம்பின் வாயைக் கட்டியிருக்கும் துணிக்கும் இப்போது வேறு பொருள் தோன்றியது. தூசி விழாமல் இருக்க என்று முதலில் சொன்னவரும் தாந்தின்தான். அது மறைப்பாகவும் இருக்கிறது. மனிதக் கண்ணுக்கு மூடி, முருகனுக்கு முன் மட்டும் திறப்பது. யாரும் உள்ளே எட்டிப் பார்க்காததை நாகரிகமான மூடிமறைப்பு என்று படித்திருந்தேன். அது தங்கள் பார்வை அங்கே சேர்த்தியில்லை என்று விலகி நிற்பதாகவும் இருக்கலாம். ‘பா கெத் சா’ என்ற குரல் மட்டும் ஊர்ப் பார்வைக்கும் ஏதோ கனம் உண்டு என்று இழுக்கிறது. தாந்தின் ஒருவர் சொன்னதை வைத்து ஊரின் வாயை அடைக்கவும் முடியாது. இரண்டு வாசிப்பையும் அறிக்கையில் வைத்தேன். எதற்கு எந்தக் குறிப்பு சாட்சி என்றும் சொன்னேன். எடுத்த எடுப்பில் ஒன்றை மட்டும் தேர்ந்திருந்தால் இன்னும் சுத்தமான கட்டுரையாக இருந்திருக்கும்.

வேதியியலுக்குப் போகும் ஆசையும் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். பால் திரிவது அதிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலம் உண்டாக்குவதால். நன்றாகக் காய்ச்சிய பாலைச் சுத்தமான செம்பில் ஊற்றினால் அந்த இரண்டரை மணி நேரம் தாங்குவதில் வியப்பில்லை. பழைய பாலின் மிச்சம் ஒட்டிய செம்பானால் சீக்கிரம் திரியும். இதை ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். பால் ஏன் திரிகிறது என்பதற்கு அது பதில். அந்தப் பெண் ஏன் செம்புக்குள் பார்க்காமல் சிலையைப் பார்த்தார் என்பதற்கு அதில் பதில் இல்லை. நீக்கினேன்.

டர்னரின் மூன்றாவது இடம், அதாவது பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது, ஒரு நல்ல வரியைக் கொடுத்தது, ஒரு மோசமான வரியையும் கொடுத்தது. நல்லது: அலகு குத்தும்போது ரத்தம் வராது என்றும் இங்கே சொல்வார்கள். ஆற்றங்கரையில் என்னிடம் அதைச் சொன்னவரே, மூச்சு விடாமல், பாலும் திரியாது என்றார். ஊசி ஏறியும் வெளிவராத ரத்தம், வெயில் ஏறியும் திரியாத பால். இரண்டையும் அவரே ஒரே மூச்சில் சேர்த்ததால், மாற வேண்டிய நேரத்தில் மாறாமல் நிற்கும் இரண்டு திரவங்கள் என்று எழுத எனக்குத் துணிவு வந்தது. மோசமானது: காவடியில் எலுமிச்சை தொங்குகிறது, அதன் கீழே பால். பாலைத் திரிக்கக்கூடிய பழத்தையே பாலுக்கு மேல் கட்டி நடக்கிறார்களே என்று கண்டுபிடித்து, அரைப் பக்கம் எழுதிக் குவித்தேன். மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. எலுமிச்சையையும் பாலையும் சேர்த்து யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் ஒன்றும் செய்யவுமில்லை. அந்தத் தொடர்பு இருந்தது என் மேசையில் மட்டும்.

வட்டமிட்டு வந்த அந்த வாக்கியம் கடைசியில் இப்படி ஆயிற்று:

‘நான் கவனித்த 23 செம்புகளில் பலவற்றின் வாய் துணியால் கட்டப்பட்டிருந்தது. உதவியாளர் அவிழ்த்தவுடன் உள்ளே பார்க்காமல் ஊற்றினார். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் காலிச் செம்பை வாங்கியபின் ஏறத்தாழ 20 நொடி சிலையையே பார்த்து நின்றார். அவர் உதடுகள் அசைந்தன. பால் திரியாது என்று என்னோடு பேசிய நால்வரும் சொல்லியிருந்தார்கள். எனினும் அதைச் சரிபார்க்கும் செய்கை எதையும் நான் நின்ற இடத்திலிருந்து காணவில்லை. பார்க்க வேண்டியவர் தாம் அல்ல என்ற கருத்தைப் பின்னர் ஒருவர் தெரிவித்தார்.’

அழகில் முதல் வாக்கியத்தின் காலடிக்கு வராது. ஆனால் இதில் எது என் கண், எது அவர்கள் வாய், எது என் கணிப்பு என்று படிப்பவரே பிரித்து எடுக்கலாம். ‘நான் நின்ற இடத்திலிருந்து’ என்பதைச் சேர்க்கக் காரணம் உண்டு. வீட்டிலோ ஆற்றங்கரையிலோ யாராவது முகர்ந்து பார்த்திருக்கலாம், அங்கே நான் செம்பைக் கவனிக்கவில்லை. ‘பகுப்பாய்வு’ என்ற தனித் தலைப்பும் போய்விட்டது. செம்பு வரும்போது செம்பைப் பற்றிய யோசனை, ஊசி வரும்போது ஊசியைப் பற்றியது, அவ்வளவுதான்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நன்றாயிருக்காது. முதல் வரைவில் தீபாராதனைக்கு நீளமான ஒரு பத்தி இருந்தது: மணியோசை, கற்பூர வாசனை, கூட்டத்தின் அரோகரா, கண்ணில் நீர். ஆசிரியர் அதில் ஒரு வட்டமும் போடவில்லை. திருத்தும்போது அதற்கான குறிப்பைத் தேடினேன். 11.31-க்கு ஒரு வரி, அடுத்த வரி 11.39-க்கு. நடுவில் வெற்றுத்தாள். நோட்டை இடுப்பில் செருகிவிட்டுக் கையைக் கூப்பியிருக்கிறேன். அந்தப் பத்தி முழுக்க முந்தைய ஆண்டுகளின் நினைவிலிருந்து வந்தது. அந்தக் கண்ணீர்கூட யாருடையது என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது.

பத்தியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரே வரி எழுதினேன்: ‘11.31 முதல் 11.39 வரை குறிப்புகள் இல்லை. அப்போது நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.’